நாலு பக்கச் சுயவிபரக்கோவையை ஒன்றரைப் பக்கமாக்கின கதை

எங்கட ஊரில சுயவிபரக்கோவை எண்டால் எல்லாருக்கும் ஒரே அச்சுத்தான். முழுப்பெயர், நிரந்தர முகவரி, சமயம், சிவில் நிலை, தேசிய அடையாள அட்டை இலக்கம், கல்வித் தகைமை, "மேற்கூறியவை யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்", ஒரு கையெழுத்து. வங்கி வேலைக்குப் போறவனுக்கும் இதுதான், ஆசிரியர் நியமனத்துக்குப் போறவளுக்கும் இதுதான். பதினைஞ்சு வயசில நீளம் பாயிற ஒரு பிள்ளை விடுதியோட கூடின மெய்வல்லுநர் பயிற்சியகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்க வெளிக்கிட்டபோதும், கொம்யூனிகேஷன் கடைக்காரர் கணினியில இருந்த அதே அச்சைத்தான் எடுத்துப் போட்டார். பிள்ளைக்குச் சிவில் நிலை "விவாகமாகாதவர்" எண்டு வேற இருந்தது.

அந்தக் கோவை எங்கட கைக்கு வந்தது போன டிசெம்பரில. நாங்கள் மூன்று பேர், மூன்று பேரும் கலைப்பீடம், இணுவிலில பக்கத்துப் பக்கத்து ஒழுங்கை. வளாகத்தில படிக்கிற பிள்ளையள் எண்டால் ஆங்கிலத்தில கடிதம் எழுதத் தெரியும் எண்ட நம்பிக்கையில, ஊரில ஆர் எதை நிரப்ப வேணுமெண்டாலும் எங்களிட்டத்தான் வருவினம். பிள்ளையின்ர அம்மா ஒரு பைலோட வந்தா. "தம்பியவை, பிழை இருந்தால் திருத்தித் தாங்கோ, திங்கட்கிழமை அனுப்ப வேணும்" எண்டா. எங்களில ஒருத்தி பாடசாலைக் காலத்தில 400 மீற்றர் ஓடினவள். அவள் வாங்கி இரண்டு நிமிசம் பார்த்திட்டு, "அன்ரி, இதில பிழை ஒண்டும் இல்லை. ஆனால் இவள் எவ்வளவு தூரம் பாயிறவள் எண்டு எங்க இருக்கு?" எண்டு கேட்டாள்.

உண்மையில எங்கேயும் இல்லை. நாலு பக்கம் இருந்தது. வலயமட்டம் முதலாமிடம், வலயமட்டம் முதலாமிடம், மாகாணமட்டம் மூன்றாமிடம், மாகாணமட்டம் இரண்டாமிடம், இல்ல மெய்வல்லுநர் போட்டியில சிறந்த வீராங்கனை எண்டு தடித்த எழுத்தில. அதுக்குப் பிறகு பண்ணிசை, பேச்சுப்போட்டி, மாணவர் தலைவி, சாரணியம், சைவபரிபாலன சபைப் பரீட்சை. தூரம் மட்டும் இல்லை.

இது அந்தக் கடைக்காரரின்ர குற்றமும் இல்லை. எங்கட சான்றிதழ்களே அப்பிடித்தான். பிள்ளையின்ர பைலில இருந்த பதினொரு சான்றிதழிலயும் வயதுப்பிரிவு, நிகழ்ச்சி, பெற்ற இடம், இந்த மூன்றும்தான் இருந்தது. அளவு எழுத இடமே விடேல்லை. சான்றிதழைப் பார்த்துச் சுயவிபரம் எழுதினால் இடம்தான் வரும், அளவு வராது.

ஆனால் ஒரு பயிற்றுநர் தேடுறது அளவைத்தான். வலிகாமம் வலயத்தில முதலாமிடம் எண்டால் என்ன? ஒரு வருசம் 4.60 பாய்ஞ்சவளும் முதலாமிடம், எதிராளி வராத இன்னொரு வருசம் 3.90 பாய்ஞ்சவளும் முதலாமிடம். கொழும்பிலயோ கண்டியிலயோ இருந்து வாசிக்கிற ஆளுக்கு எங்கட வலயத்தில அந்த வருசம் ஆர் பாய்ஞ்சது எண்டு தெரியாது. 4.84 மீற்றர் எண்டால் உலகத்தில எல்லாருக்கும் ஒரே நீளம். மெய்வல்லுநர் விளையாட்டுக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான்: நாங்கள் எங்கட மண்ணில பாய்ஞ்சதை ஆரும் தங்கட நாட்டில இருந்து ஒப்பிடலாம். அந்த வசதியைத்தான் இந்த நாலு பக்கமும் கைவிட்டிருந்தது.

குழு விளையாட்டுக்கும் இதே கதைதான், அலகு மட்டும் மாறும். புன்னாலைக்கட்டுவன் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அங்க பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2019இல லிவர்பூலில நடந்த வலைப்பந்தாட்ட உலகக் கிண்ணத்தில ஆகக்கூடிய கோல் போட்டவ. அவவை உலகம் எடைபோட்டது எத்தனை எறிஞ்சு எத்தனை உள்ள போனது எண்ட கணக்கில. ஒரு வலைப்பந்துப் பிள்ளை "பாடசாலை அணியின் முன்னணி வீராங்கனை" எண்டு எழுதுறதை விட, எந்த நிலையில விளையாடினவள், எத்தனை ஆட்டம், எத்தனை எறிஞ்சு எத்தனை கோல் எண்டு எழுதினால் வாசிக்கிறவருக்குக் கையில பிடிக்க ஒண்டு கிடைக்கும். குண்டு போடுறவர் குண்டின்ர நிறையை எழுத வேணும். 18 வயதுக்குக் கீழ்ப் பெண்களுக்கு 3 கிலோ, வளர்ந்தவைக்கு 4 கிலோ. நிறை சொல்லாமல் "10 மீற்றர்" எண்டால் அது வெறும் சத்தம்.

சரி, அளவு எங்க எடுக்கிறது? சான்றிதழில இல்லாட்டி முடிவுத்தாளில இருக்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நடுவர்மார் ஒரு தாளில ஒவ்வொரு பாய்ச்சலையும் குறிச்சு, கையெழுத்து வைச்சுக் குடுப்பினம். அது போட்டிக்குப் பிறகு ஒரு பைலுக்குள்ள போய்ப் படுத்திடும். பிள்ளையின்ர விளையாட்டு ஆசிரியருக்குக் கோல் எடுத்தம். சேர் நல்ல மனுசன், மாகாணப் போட்டி இரண்டின்ர தாளையும் அப்பவே போனில படம் எடுத்து வைச்சிருந்தவர். வலயப் போட்டியின்ர ஒரு வருசத்துத் தாள் மட்டும் கிடைக்கேல்லை. கிடைக்காததை நாங்கள் போடேல்லை. இதை வாசிக்கிற தம்பி தங்கச்சியளுக்கு ஒண்டு: போட்டி முடிஞ்ச உடனே, மேடையில படம் எடுக்கிறதுக்கு முதல், நடுவரிட்டக் கேட்டு அந்தத் தாளைப் படம் எடுங்கோ. மூண்டு வருசம் கழிச்சுத் தேடினால் கிடைக்காது.

பிறகு வந்ததுதான் பெரிய வாக்குவாதம். அன்ரி சொன்னா, "இவள் 5.10 பாய்ஞ்சவள் தம்பி, நான் நேரில நிண்டனான். அதைப் போடுங்கோ". பிள்ளையும் தலையாட்டினாள். எங்க பாய்ஞ்சது? பாடசாலை மைதானத்தில, பயிற்சியில. எப்பிடி அளந்தது? கால் எங்க பட்டுதோ அங்க இருந்து.

இந்த இடத்தில நீளம் பாய்தல் தெரியாத ஆக்களுக்குச் சொல்ல வேணும். போட்டியில அளக்கிறது கால் பட்ட இடத்தில இருந்து இல்லை. மிதிபலகையின்ர முன்விளிம்புக் கோட்டில இருந்து, மணலில பின்பக்கமாக் கிட்ட விழுந்த அடையாளம் வரைக்கும், கோட்டுக்குச் செங்குத்தா அளப்பினம். பலகைக்கு ஒரு சாண் முன்னமே மிதிச்சு எழும்பினால் அந்த ஒரு சாணும் நட்டம். பயிற்சியில பெருவிரலில இருந்து நாடா பிடிச்சால் அந்த நட்டம் மறைஞ்சுபோகும். ஓடிவாற அடி சரியாப் பொருந்தாத பிள்ளைக்கு இது இருபது சென்ரிமீற்றர் வரைக்கும் கூட்டிக்காட்டும். பிள்ளையின்ர முடிவுத்தாளில மாகாணப் போட்டியில ஆறு பாய்ச்சலில இரண்டு தவறு, நாலு சரி, ஆகக்கூடினது 4.84. அந்த 5.10 பொய்யில்லை, ஆனால் வேற அளவுகோல்.

அன்ரிக்கு இதை விளங்கப்படுத்த ஒரு வழிதான் இருந்தது. கோவையைப் பார்த்து அவங்கள் ஆளைத் தேர்வுக்குக் கூப்பிடுவாங்கள். அங்க பலகை இருக்கும், நாடா இருக்கும். தாளில 5.10 எண்டு போட்டிட்டு அங்க 4.80 பாய்ஞ்சால், "இண்டைக்குச் சரிவரேல்லை" எண்டு அவங்கள் நினைக்க மாட்டாங்கள், மிச்சத் தாளையும் சந்தேகப்படுவாங்கள். 4.84 எண்டு போட்டிட்டு 4.80 பாய்ஞ்சால் தாள் சரி எண்டாகும், 4.90 பாய்ஞ்சால் முகம் நிமிரும். அன்ரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அப்ப 4.84ஐயே போடுங்கோ" எண்டா, அரைமனசோட.

100 மீற்றருக்கும் ஒரு சிக்கல். கடைக்காரரின்ர அச்சில "100 மீற்றர் – 13.28 செக்கன்" எண்டு இருந்தது. நல்ல துல்லியமாத் தெரியுதெல்லோ? தெரிஞ்ச பயிற்றுநருக்கு இதுதான் முதல் சந்தேகம். நூறில ஒரு பங்கு செக்கன் வரைக்கும் எழுதுறது, கோட்டில கமரா வைச்சு, துவக்குச் சத்தத்தோட தானா ஓடத் தொடங்கிற மின்னணு நேரக்கணிப்புக்குத்தான். கையால அழுத்தின கடிகாரத்தில 13.28 காட்டினாலும் விதிப்படி அடுத்த பத்தில ஒரு பங்குக்கு மேல தூக்கி 13.3 எண்டுதான் எழுத வேணும். எங்கட வலயப் போட்டியில கமரா எங்க இருந்தது? அப்ப 13.28 எண்டால் ஆரோ போனில அழுத்தினது எண்டு உடனே விளங்கிடும்.

அதோட கைநேரம் எப்பவும் கொஞ்சம் தயவானது. துவக்குப் புகையைப் பார்த்து மனுசன் அழுத்தப் பிந்துவான், முடிவில ஆள் வாறது தெரிஞ்சு நேரத்துக்கே அழுத்துவான். 100, 200 மீற்றருக்கு இந்த வித்தியாசத்தை 0.24 செக்கன் எண்டு வைச்சிருக்கிறாங்கள். 13.3 கைநேரம் எண்டால் மின்னணுக் கணக்கில ஏறத்தாழ 13.54. இந்தக் கூட்டல் கழித்தலை நாங்கள் கோவையில செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. "13.3, கைநேரம், புல்தரை" எண்டு எழுதினாப் போதும், வாசிக்கிறவர் தானே கூட்டிக்கொள்ளுவார். அந்த இரண்டு சொல்லும், இந்தப் பிள்ளைக்கும் அவளின்ர சேருக்கும் விளையாட்டுத் தெரியும் எண்டதையும் சொல்லாமல் சொல்லும். காற்றும் அப்பிடித்தான். 100 மீற்றரிலயும் நீளம் பாய்தலிலயும் பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேல போனால் அது சாதனைக் கணக்கில சேராது. காற்றுமானி வைச்சு அளந்த முடிவு இருந்தால் அந்த எண்ணையும் பக்கத்தில போடலாம். எங்களிட்ட இல்லை, அதால "காற்று அளக்கப்படவில்லை" எண்டு ஒரு குறிப்பு.

இப்ப ஒழுங்குக்கு வருவம். தலைப்பில பெயர், பிறந்த திகதி, நிகழ்ச்சி. பிறந்த திகதியை நாங்கள் பெயருக்கு அடுத்த வரியிலயே போட்டதுக்குக் காரணம் இருக்கு. "16 வயதுக்குக் கீழ்" எண்ட பிரிவில இப்பத்தான் பதினாலு முடிஞ்சவளும் நிப்பாள், பதினாறு தொடப்போறவளும் நிப்பாள். அந்த வயசில ஒரு வருசம் எண்டால் உடம்பே வேற. அதால ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில அப்ப பிள்ளைக்கு எத்தனை வயசு, எத்தனை மாசம் எண்டு போட்டம்.

பெயரிலயும் ஒரு வேலை இருந்தது. பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பில ஒரு ஆங்கில எழுத்து, பாடசாலைச் சான்றிதழில இன்னொன்று, அகில இலங்கைப் போட்டிச் சான்றிதழில மூன்றாவது. ஒன்றில 'எஸ்', ஒன்றில 'எஸ் எச்', ஒன்றில அப்பாவின்ர முதலெழுத்து முன்னுக்கு, ஒன்றில அப்பாவின்ர முழுப்பெயர் பின்னுக்கு. தமிழ்ப் பெயர் தெரியாத ஆள் பார்த்தால் மூன்று பிள்ளையள் எண்டுதான் நினைப்பார். பிறப்புச் சான்றிதழில உள்ளபடி பெயரைப் போட்டு, கீழ சின்ன எழுத்தில "சான்றிதழ்களில் இவ்வாறும் காணப்படும்" எண்டு மற்ற இரண்டையும் எழுதினம்.

அடுத்தது சிறந்த அளவுகள், இரண்டே வரி. நீளம் பாய்தல் 4.84, மாகாணப் போட்டி, திகதி, இடம், வயசு. 100 மீற்றர் 13.3, அதே விபரங்களோட. பிள்ளை உயரம் பாய்தலிலயும் இரண்டு தரம் கலந்துகொண்டவள், அதை விட்டிட்டம். ஆறு நிகழ்ச்சி போட்டால் ஆறிலயும் கெட்டிக்காரி எண்டு ஆரும் நினைக்க மாட்டினம், இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை எண்டுதான் நினைப்பினம்.

அதுக்குக் கீழதான் எங்களுக்கு ஆகவும் பிடிச்ச பகுதி. வருசவாரி வளர்ச்சி. 2022இல, பன்னிரண்டு வயசில, 3.92. 2023இல 4.21. 2024இல 4.38. 2025இல 4.84. நாலே நாலு எண். பயிற்சியகம் எண்டது இண்டைக்கு ஆர் வெல்லுறது எண்டு பார்க்கிற இடமில்லை, நாலு வருசம் கழிச்சு ஆர் எங்க நிப்பினம் எண்டு பந்தயம் கட்டுற இடம். அந்தப் பந்தயத்துக்கு அவங்களுக்கு வேணுமானது ஒரு அளவு இல்லை, அளவு போற திசை.

இந்தியாவில இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அஞ்சு பொபி ஜோர்ஜ், 2003 பாரிஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில நீளம் பாய்தலில 6.70 பாய்ஞ்சு வெண்கலம் எடுத்தவ, இப்ப கணவர் ராபர்ட்டோட பெங்களூரில பயிற்சியகம் நடத்துறா. 2017இல விஜயவாடாவில நடந்த தேசிய இளையோர் போட்டியில ராபர்ட்டின்ர கண்ணில ஒரு பிள்ளை பட்டாள், ஜான்சியைச் சேர்ந்த ஷைலி சிங். அவளின்ர அம்மா தையல் வேலை செய்து பிள்ளையளை வளர்த்தவ. அந்தப் போட்டியில ஷைலிக்குப் பதக்கம் இல்லை. இருந்தும் கூட்டிக்கொண்டு போய்ப் பயிற்றுவிச்சினம். 2021 ஓகஸ்டில நைரோபியில நடந்த 20 வயதுக்குக் கீழ் உலகப் போட்டியில அவள் 6.59 பாய்ஞ்சு வெள்ளி எடுத்தாள். தங்கம் எடுத்தவள் பாய்ஞ்சது 6.60. விஜயவாடாவில இடங்களை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் ஷைலியின்ர பேர் அதில வந்திராது. ராபர்ட் நேரில நிண்டு பார்த்தவர். எங்கட பிள்ளையை நேரில பார்க்க ஒருத்தரும் இணுவிலுக்கு வரப்போறதில்லை, அதால அவர் கண்ணால கண்டதை எங்கட தாள்தான் சொல்ல வேணும். உயரம், அது எவ்வளவு வேகமா வளர்ந்தது, எத்தனை வருசப் பயிற்சி, எந்தத் தரையில, இதெல்லாம் அதுக்குத்தான்.

அதால வளர்ச்சிக்குக் கீழ உடலும் பயிற்சியும். உயரம் 2023 ஜனவரியில 149, 2025 டிசெம்பரில 161 சென்ரிமீற்றர், அளந்த திகதியோட. அம்மா, அப்பா இரண்டுபேரின்ர உயரமும். (அன்ரி சிரிச்சா: "எங்களையுமா அளக்கிறியள்?") பயிற்சி 2022இல இருந்து, கிழமைக்கு மூன்று நாள், ஒன்றரை மணித்தியாலம், புல்தரை, ஆணிச் சப்பாத்து 2025 மாகாணப் போட்டிக்குத்தான் முதல் தரம். இந்தக் கடைசி வரியை எழுதத் தேவையில்லை எண்டு பிள்ளை வெட்கப்பட்டாள். நாங்கள் விடேல்லை. கிழமைக்கு நாலரை மணித்தியாலப் பயிற்சியில, புல்லில ஓடி 4.84 எண்டால், பத்து மணித்தியாலம் செயற்கைத் தடத்தில நிண்டு 4.95 பாயிற பிள்ளையை விட இவளிட்ட மிச்சம் கூட இருக்கு எண்டு ஒரு நல்ல பயிற்றுநர் கணக்குப் போடுவார். இதை இரங்கிக் கேக்கிற மாதிரி எழுதக்கூடாது. "வசதியற்ற நிலையிலும் விடாமுயற்சியுடன்" எண்டு கடைக்காரரின்ர அச்சில ஒரு வரி இருந்தது, அதை எடுத்திட்டம். தரை என்ன, மணித்தியாலம் எத்தனை, அவ்வளவுதான்.

இடங்கள் அதுக்குப் பிறகுதான் வந்தது, அதுவும் மேல இருந்து கீழ. அகில இலங்கை ஏழாமிடம் முதலில, மாகாணம் இரண்டாமிடம், மாகாணம் மூன்றாமிடம், கடைசியில வலய முதலாமிடம் ஒரே வரியில சேர்த்து. அன்ரிக்கு ஏழாமிடத்தை மேல போடுறது பிடிக்கேல்லை. முதலாமிடம் இருக்கேக்க ஏன் ஏழாமிடத்தைக் காட்டுறியள் எண்டா. நியாயமான கேள்விதான், ஆனால் வாசிக்கிறவர் மட்டத்தைப் பார்த்துத்தான் இடத்தைப் பார்ப்பார்.

பிறகு காயம். இதுதான் அண்டைக்கு உண்மையாவே கஷ்டமா இருந்த பகுதி. 2024இல பிள்ளைக்கு வலது முழங்காலுக்குக் கீழ, அந்த எலும்பு புடைச்ச இடத்தில நோ. வைத்தியர் இது வளருற வயசில, ஓடிப் பாயிற பிள்ளையளுக்கு வாறது, தசைநார் எலும்பில பிடிக்கிற இடம் இழுபட்டு நோகுது, பாய்ச்சலை நிப்பாட்டி வைச்சு மெல்ல மெல்லத் திரும்பலாம் எண்டு சொன்னவராம். இரண்டு மாசம் பாயேல்லை. அன்ரி இதை எழுதவே கூடாது எண்டு நிண்டா. "கால் வருத்தக்காரி எண்டு தள்ளிவிடுவாங்கள். கலியாணம் பேசுற மாதிரித்தான் இதுவும், எல்லாத்தையும் வெளியில சொல்லேலாது". எங்களில ஒருவர் அன்ரியின்ர பக்கம். மற்ற இரண்டுபேரும் எதிர். பிள்ளை ஒண்டும் பேசாமல் இருந்தவள்.

எழுத வேணும் எண்டதுக்கு எங்களிட்ட இரண்டு காரணம் இருந்தது. ஒண்டு, தாளே காட்டிக்குடுக்கும்: 2023இல இருந்து 2024க்கு வளர்ச்சி 17 சென்ரிமீற்றர்தான், முதல் வருசம் 29, அடுத்த வருசம் 46. நடுவில என்ன நடந்தது எண்டு பார்க்கிறவர் யோசிப்பார். காரணம் இல்லாட்டி "இவள் ஒரு வருசம் சோம்பினவள்" எண்டாகும். இரண்டாவது, தெரியாத பயிற்றுநர் முதல் கிழமையே படியில ஏத்தி இறக்கி, பெட்டியில இருந்து குதிக்க வைச்சு, அந்த இடமே திரும்ப நொந்தால் விடுதியில தனிய இருந்து அனுபவிக்கப்போறது பிள்ளை. கடைசியில பிள்ளைதான் வாயைத் திறந்தாள்: "எழுதுங்கோ அக்கா. அங்க போய் நோவை மறைச்சுக்கொண்டு என்னால பாயேலாது". எழுதினம். மூன்று வரி: எப்ப, எந்தக் கால், வைத்தியர் சொன்னது என்ன, எத்தனை கிழமை ஓய்வு, எப்ப முழுப் பயிற்சிக்குத் திரும்பினவள், அதுக்குப் பிறகு நோ இல்லை. சாட்டு ஒண்டும் இல்லை.

மிச்சம் சுருக்கம். படிப்பு ஒரு வரி: வகுப்பு, பாடசாலை, தமிழ்மொழி மூலம். மொழியைக் கட்டாயம் போட வேணும், அங்க பாடசாலையும் மாறவேண்டி வந்தால் அதை வைச்சுத்தான் இடம் பார்ப்பினம். பேச ஏலுமான மற்ற மொழி ஏதும் இருந்தால் அதுவும். உறவினர் அல்லாத இரண்டுபேர்: விளையாட்டு ஆசிரியர், மாகாணப் போட்டியில அவளைப் பார்த்த இன்னொரு பயிற்றுநர், இரண்டுபேரிட்டயும் கேட்டிட்டுத்தான் இலக்கம் போட்டது. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன எங்கட ஊரில ஒரு கலைஞருக்குக் குருவின்ர பேரே பாதிச் சுயவிபரம். மெய்வல்லுநருக்கு அப்பிடியில்லை, குருவின்ர பேர் அளவுக்குக் கீழதான். தொடர்பு இலக்கம் அம்மாவின்ரது, பிள்ளையின்ரது இல்லை. அடையாள அட்டை இலக்கம், சமயம், அப்பாவின்ர தொழில், வீட்டு முழு முகவரி எல்லாம் எடுத்தாச்சு. தெரிவான பிறகு அவங்கள் கேட்டால் குடுக்கலாம். பண்ணிசையும் பேச்சும் போயிட்டுது. மாணவர் தலைவி மட்டும் அரை வரியில இருக்கு, அன்ரிக்காக.

காணொளி ஒண்டும் சேர்த்தம். பாட்டுப் போட்டு, மெதுவாக்கி, வெட்டி ஒட்டினது இல்லை. மாகாணப் போட்டியில பக்கவாட்டில நிண்டு ஆரோ எடுத்த முழுப் பாய்ச்சல், ஓடத் தொடங்கிறதில இருந்து மணலில விழுறது வரைக்கும், பதினொரு செக்கன். கடைசி மூன்று அடியும் மிதிபலகையும் தெரியுது, அதுதான் அவங்களுக்கு வேணும். சான்றிதழ்களில பதினொன்றில நாலு மட்டும், முடிவுத்தாள் இரண்டு, இலக்கமிட்டு, கோவையில அந்தந்த அளவுக்குப் பக்கத்தில அதே இலக்கம்.

ஒன்றரைப் பக்கம் வந்தது. திங்கட்கிழமை காலமை அனுப்பினம். அனுப்ப முதல் அன்ரி இன்னொரு தாளை எடுத்து வைச்சா, தன்ர கையெழுத்தில: விடுதியில பொறுப்பா இருக்கிறது ஆர், பெண்ணா ஆணா, இரவில ஆர் நிப்பினம், பிள்ளை எப்ப கோல் எடுக்கலாம், காயம் பட்டால் ஆர் கூட்டிக்கொண்டு போவினம், சைவச் சாப்பாடு இருக்கோ, ஓ.எல் எங்க எடுக்கிறது. இதையும் உள்ளுக்குப் போடலாமோ எண்டு கேட்டா. கோவைக்குள்ள போடேலாது அன்ரி, ஆனால் கட்டாயம் கேக்க வேணும், நீங்கள் தேர்வுக்குப் போகேக்க கொண்டுபோய்ப் பக்கத்தில இருந்து ஒவ்வொண்டாக் கேளுங்கோ எண்டு சொன்னம். மடிச்சுக் கைப்பைக்குள்ள வைச்சா.

ஜனவரி கடைசியில தேர்வுக்குக் கூப்பிட்டினம். பலகையில 4.79. முழங்காலைப் பற்றித்தான் முதல் கேள்வியாம், எத்தனை கிழமை ஓய்வு எண்டு. அன்ரியின்ர தாளில ஏழு கேள்வியில ஐஞ்சுக்குப் பதில் கிடைச்சது, இரண்டுக்கு எழுத்தில அனுப்புறம் எண்டிருக்கினம். அந்த இரண்டு வந்த பிறகுதான் விடுறதோ இல்லையோ எண்டு சொல்லுவன் எண்டு அன்ரி நிக்கிறா. பிள்ளை வழமைபோல பின்னேரம் மைதானத்துக்குப் போறாள். இப்ப பலகையில இருந்துதான் அளக்கினம்.